காலாண்டுக் கணக்கை ஒரு சின்னப் பதிவில் சொல்வது: சிறு நிறுவனங்கள் கேட்கும் கேள்விகள்

2025 ஏப்ரல்–ஜூனில் விற்பனை ₹2.76 கோடி. ஜூலை–செப்டம்பரில் ₹4.14 கோடி. சரியாக 50% கூடியிருக்கிறது. லிங்க்டினிலும் வாட்ஸ்அப்பிலும் போடும் பதிவில் இதையே முதல் வரியாக வைத்தால் என்ன தவறு? பொய் ஒன்றும் இல்லையே.

கணக்கு சரிதான். எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சிக்கல். கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 48 பேர் வேலை செய்கிறார்கள், 11 பேர் முதல் போட்டிருக்கிறார்கள், பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. நிறுவனமும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. இந்தப் பக்கம் முழுக்க அதே எண்களோடுதான் போகப்போகிறோம்.

இந்தத் தொழிலில் ஜூலை–செப்டம்பர் எப்போதுமே பெரிய காலாண்டு. ஆடித் தள்ளுபடி, கேரளத்தில் ஓணம், பிறகு தீபாவளிக்காக டீலர்கள் சரக்கு எடுப்பது என்று எல்லாமே இந்த மூன்று மாதத்துக்குள் வந்துவிடுகின்றன. இந்த நிறுவனத்தில் 2024இலும் ஏப்ரல்–ஜூனில் ₹2.65 கோடி, ஜூலை–செப்டம்பரில் ₹3.60 கோடி. அதாவது போன வருடமும் இதே இடைவெளியில் 36% கூடியிருக்கிறது. 50 என்று நீங்கள் கொண்டாடுவதில் பெரும்பகுதி வருடாவருடம் பண்டிகை தருவது.

ஆகவே பருவத்தைப் பொறுத்து ஏறி இறங்கும் எந்தத் தொழிலுக்கும், சென்ற ஆண்டின் இதே மூன்று மாதங்களோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். ₹3.60 கோடி ₹4.14 கோடியானது 15%. முதல் போட்டவர் தொழில் தெரியாதவராக இருந்தால் 50ஐ நம்புவார், ஜனவரியில் வரும் கணக்கைப் பார்த்து அதிர்ச்சியடைவார். தொழில் தெரிந்தவராக இருந்தால் அன்றைக்கே உங்கள் மற்ற எண்களையும் சந்தேகப்படத் தொடங்குவார்.

அப்படியானால் 15% என்று போட்டுவிடலாமா?

போடலாம், ஆனால் அதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். 2024இல் தீபாவளி அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. பதினொரு நாள் முன்னால் வந்திருக்கிறது. டீலர்கள் பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே கடையை நிரப்பிவிடுவார்கள். 2024இல் அக்டோபர் முதல் வாரத்தில் போன லாரி, 2025இல் செப்டம்பர் கடைசி வாரத்தில் போயிருக்கும். ஒரே கிரைண்டர்தான், ஒரே டீலர்தான், ஆனால் காலாண்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

எவ்வளவு வந்தது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. இ–வே பில் தேதியை வைத்து, அனுப்பிய சரக்கை இரண்டு ஆண்டுக்கும் பிரித்துப் பாருங்கள். நம் நிறுவனத்தில் செப்டம்பர் 20 முதல் 30 வரை போனது 2024இல் ₹62 லட்சம், 2025இல் ₹92 லட்சம். ₹30 லட்சம் அதிகம். இது மட்டும் தெரிந்தால் அது உண்மையான வளர்ச்சியா, தேதி நகர்ந்ததா என்று சொல்ல முடியாது. அடுத்த பதினொரு நாளையும் பார்க்க வேண்டும். அக்டோபர் 1 முதல் 11 வரை 2024இல் ₹70 லட்சம் போயிருக்கிறது, 2025இல் ₹41 லட்சம். அங்கே ₹29 லட்சம் குறைந்திருக்கிறது. இங்கே கூடியதும் அங்கே குறைந்ததும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், ₹30 லட்சம் வாக்கில் நகர்ந்து வந்த சரக்கு என்று துணிந்து சொல்லலாம். அக்டோபரில் குறையாமல் இருந்திருந்தால் அந்த ₹30 லட்சத்தை வளர்ச்சியாகவே எடுத்துக்கொண்டிருக்கலாம்.

4.14இலிருந்து 0.30 போனால் 3.84. அதைப் போன வருடத்து 3.60ஓடு வைத்தால் வளர்ச்சி 6.7%. இதுதான் உங்கள் தொழிற்சாலையில் உண்மையில் நடந்தது. கணக்குப் புத்தகத்தில் 4.14தான் இருக்கும், அதை மாற்றக் கூடாது. பதிவில் 4.14ஐயும் சொல்லி, நகர்ந்து வந்ததையும் சொல்லி, நீக்கினால் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுங்கள். அதற்கு இரண்டே வரி போதும்.

லாபம் சென்ற ஆண்டு இதே காலாண்டின் ₹24 லட்சத்திலிருந்து ₹27 லட்சமாகியிருக்கிறது. அதில் விளக்க ஒன்றுமில்லையே?

அந்த ₹27 லட்சத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று கணக்காளரிடம் கேளுங்கள். நம் நிறுவனம் ஆகஸ்டில் ஒரு பழைய லேத் இயந்திரத்தை விற்றது. கணக்கில் அதன் மதிப்பு ஏற்கெனவே தேய்ந்து போயிருந்ததால், விற்ற வகையில் ₹6 லட்சம் லாபமாக ஏறியது. கிரைண்டர் விற்று வந்த லாபம் அல்ல அது, அடுத்த காலாண்டில் திரும்ப வரப்போவதும் இல்லை. அதை எடுத்துவிட்டால் வரிக்கு முந்தைய லாபம் ₹21 லட்சம்.

இப்போது பாருங்கள். லேத்தோடு சேர்த்தால் லாபம் 12.5% கூடியிருக்கிறது. லேத்தை நீக்கினால் அதே 12.5% குறைந்திருக்கிறது. ஒரே காலாண்டுக்கு இரண்டு கதை. முதல் கதையை மட்டும் சொன்னால் சட்டப்படி யாரும் கேட்க முடியாமல் போகலாம். ஆனால் ஆண்டறிக்கையில் 'பிற வருமானம்' என்ற வரியைப் படிக்கத் தெரிந்த ஒரே ஒரு முதலீட்டாளர் இருந்தால் போதும், மார்ச்சுக்குப் பிறகு அவர் கேட்பார்.

இதில் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதுதான் அதிகம் நடக்கிறது. ஒருமுறை வந்த செலவை மட்டும் நீக்கி, ஒருமுறை வந்த வரவை அப்படியே விட்டுவிடுவது. போன வருடத்துக் கணக்கிலும் இப்படி ஏதாவது இருந்ததா என்று பார்க்க வேண்டும். காப்பீட்டு இழப்பீடு வந்திருக்கலாம், பழைய வாராக்கடன் ஒன்று திடீரென்று வசூலாகியிருக்கலாம். நீக்குவதென்றால் இரண்டு பக்கமும், இரண்டு வருடத்திலும் நீக்க வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் வைத்து ஒரு பதிவு எழுதிக் காட்டுங்கள்.

இப்படி எழுதுவேன்:

> ஜூலை–செப்டம்பர் 2025: விற்பனை ₹4.14 கோடி. சென்ற ஆண்டு இதே மூன்று மாதங்களில் ₹3.60 கோடி. தொழிலிலிருந்து வந்த வரிக்கு முந்தைய லாபம் ₹24 லட்சத்திலிருந்து ₹21 லட்சமாகக் குறைந்திருக்கிறது.
>
> விற்பனை 15% கூடியிருக்கிறது. ஆனால் தீபாவளி இந்த முறை 11 நாள் முன்னால் வந்ததால், வழக்கமாக அக்டோபரில் போகும் சுமார் ₹30 லட்சம் சரக்கு செப்டம்பரிலேயே போய்விட்டது. அதை நீக்கிப் பார்த்தால் வளர்ச்சி 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.
>
> லாபம் குறைந்ததற்குக் காரணம் இரண்டு: மோட்டாருக்கான செம்புக் கம்பியின் விலை ஏறியது, டீலர் தள்ளுபடியை நாங்கள் கூட்டியது. பழைய லேத் ஒன்றை விற்றதில் கிடைத்த ₹6 லட்சத்தை மேலே உள்ள லாபத்தில் சேர்க்கவில்லை.
>
> அக்டோபர்–டிசம்பர் விற்பனை இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆண்டுதோறும் அப்படித்தான், இந்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குறையும்.
>
> வைண்டிங் பிரிவும் அனுப்புதல் பிரிவும் செப்டம்பர் கடைசி வாரத்தில் ஞாயிறும் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு நன்றி. எண்கள் இன்னும் தணிக்கை செய்யப்படாதவை.

நன்றி சொல்லும் வரியில் யாருக்கு, எதற்கு என்பது இருக்கிறது. 'எங்கள் அயராத குழுவுக்கு' என்று எழுதியிருந்தால் வைண்டிங் பிரிவில் இருப்பவருக்கு அது தன்னைப் பற்றியது என்றே தெரியாது. அதே போல லாபம் குறைந்ததற்கு இரண்டு காரணம் சொல்லும்போது, ஒன்று சந்தையால் வந்தது, இன்னொன்று நாமே எடுத்த முடிவு என்பதும் தெரிகிறது. செம்பு விலையை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

லாபம் குறைந்ததை மூன்றாவது பத்தியில் வைத்தால் போதாதா? எப்படியும் சொல்லத்தானே செய்கிறோம்.

லிங்க்டினில் முதல் இரண்டு மூன்று வரிதான் கண்ணில் படும், மீதியைப் பார்க்கத் தனியாக ஒரு தட்டுத் தட்ட வேண்டும். வாட்ஸ்அப்பிலும் நீளமான செய்தி பாதியில் மடிந்துவிடும். பெரும்பாலோர் அந்தத் தட்டைத் தட்ட மாட்டார்கள். விற்பனை கூடியதை வெளியிலும் லாபம் குறைந்ததை மடிப்புக்குள்ளும் வைத்தால், பலரைப் பொறுத்தவரை லாபம் குறைந்த செய்தியை நீங்கள் சொல்லவே இல்லை.

நான் பின்பற்றும் வழி இது: அந்தக் காலாண்டின் மிக நல்ல எண்ணும் மிகக் கவலைக்குரிய எண்ணும் மடிப்புக்கு மேலேயே இருக்க வேண்டும். விளக்கம் கீழே போகலாம். பதிவைப் போடுவதற்கு முன் உங்கள் போனில் அதை ஒருமுறை உங்களுக்கே அனுப்பி, எந்த இடத்தில் மடிகிறது என்று பார்த்துவிடுங்கள்.

'விற்பனை' என்று எதை எடுத்துக்கொள்வது? எங்கள் மார்க்கெட்டிங் தம்பி ஒரு எண் சொல்கிறார், கணக்கில் வேறு எண் இருக்கிறது.

பெரும்பாலும் மூன்று இடத்தில் இந்த வித்தியாசம் வரும்.

முதலாவது ஜிஎஸ்டி. பில் தொகையைக் கூட்டினால் வரியும் சேர்ந்துவிடும். அது நீங்கள் அரசுக்காக வசூலித்துக் கட்டும் பணம், உங்கள் வருமானம் இல்லை. வரி நீக்கிய எண்தான் விற்பனை.

இரண்டாவது ஆர்டர். டீலர் மாநாட்டில் வந்த ஆர்டர் எல்லாவற்றையும் விற்பனை என்று மார்க்கெட்டிங்கில் பேசுவது வழக்கம். சரக்கு டீலரின் பொறுப்புக்குப் போனால்தான் அது விற்பனை. ஆர்டரைச் சொல்ல ஆசையாக இருந்தால் 'கையில் உள்ள ஆர்டர்' என்று தனியாகச் சொல்லுங்கள், எத்தனை மாதத்தில் அனுப்ப வேண்டியது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் நுணுக்கமானது. சில டீலர்களுக்கு 'விற்றால் பணம் கொடு, விற்காவிட்டால் திருப்பி அனுப்பு' என்ற ஏற்பாட்டில் சரக்கு போகும். லாரி ஏறிவிட்டது, பில் போட்டாகிவிட்டது, ஆனால் அது உண்மையில் இன்னும் உங்கள் சரக்குதான், அவர் கடையில் இருக்கிறது. பண்டிகைக் காலாண்டில் இந்த வகை நிறையப் போகும், நவம்பரில் பாதி திரும்பி வரும். இதை விற்பனையில் சேர்த்துவிட்டால் அடுத்த காலாண்டு தானாகவே விழும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய அடையாளம் உண்டு. விற்பனை 15% கூடியிருக்கும்போது, டீலர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 40%, 50% கூடியிருந்தால், சரக்கு கடை வரைக்கும்தான் போயிருக்கிறது, வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகவில்லை என்று பொருள். அந்த மாதிரி சமயத்தில் பாக்கியையும் ஒரு வரியில் பதிவில் சொல்லிவிடுவது நல்லது.

போட்டியாளர்கள் பார்ப்பார்கள். கோடிக் கணக்கில் எண்ணைப் போடாமல் சதவீதம் மட்டும் போடலாமா?

பட்டியலிடப்படாத தனியார் நிறுவனம் காலாண்டு எண்ணைப் பொதுவெளியில் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. தயக்கம் நியாயமானதும்கூட. ₹21 லட்சம் லாபம் என்று பார்த்தவுடன் பெரிய டீலர் இன்னும் ஒரு சதவீதம் தள்ளுபடி கேட்பார். ஆகவே முதலீட்டாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் போகும் பதிவில் ரூபாயிலும், வெளியே போகும் பதிவில் சதவீதத்திலும் எழுதுவது சரியான வழிதான்.

ஆனால் இரண்டையும் ஒரே ஒப்பீட்டில் எழுதுங்கள். உள்ளே 6.7% என்றும் வெளியே 50% என்றும் போட்டால், உங்கள் ஊழியர் ஒருவரின் மைத்துனர் லிங்க்டினில் பார்த்த அன்றே அது உள்ளே வந்து சேர்ந்துவிடும். வெளியே விற்பனை கூடியதைச் சதவீதத்தில் சொன்னால் லாபம் குறைந்ததையும் சதவீதத்தில் சொல்லுங்கள். அதற்கு மனம் வரவில்லையென்றால் இரண்டையுமே விட்டுவிட்டு, எத்தனை கிரைண்டர் போனது என்று மட்டும் சொல்லலாம்.

சின்ன எண்ணின் மேல் சதவீதம் போடுவதையும் தவிருங்கள். ஏற்றுமதி ₹2 லட்சத்திலிருந்து ₹6 லட்சமானதை '300% வளர்ச்சி' என்று ஒரு பதிவில் எழுதியிருந்தார்கள். முதலில், கணக்கே தவறு. மூன்று மடங்கானால் வளர்ச்சி 200%. சரியாகப் போட்டிருந்தாலும், ₹4 கோடி விற்பனையில் அது ₹4 லட்சம் மாற்றம். 'ஏற்றுமதி ₹2 லட்சத்திலிருந்து ₹6 லட்சமாகியிருக்கிறது, இன்னும் ஆரம்ப நிலைதான்' என்று எழுதினால் படிப்பவருக்கு அளவு புரிந்துவிடும்.

விற்பனை கூடியது என்று தீபாவளிக்கு முன் போட்டால், உடனே ஊழியர்கள் போனஸ் எவ்வளவு என்று கேட்பார்கள். அதற்காகவே போடாமல் இருக்கலாமா?

அவர்கள் கேட்பது நியாயம், ஏனென்றால் செப்டம்பர் மாதம் இரவு எட்டு மணி வரை நின்றவர்கள் அவர்கள். லாரி போனதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் பதிவு போடாவிட்டாலும் விற்பனை நன்றாக இருந்தது என்பது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். லாபம் குறைந்தது மட்டும்தான் தெரியாது. அதை நீங்கள் சொல்லாமல் விட்டால், நிர்வாகம் எதையோ மறைக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

போனஸ் என்பது காலாண்டைப் பார்த்துக் கொடுப்பதில்லை. சட்டம் சொல்லும் 8.33% முதல் 20% வரையிலான கணக்கு, முடிந்த நிதியாண்டின் அடிப்படையில் வருவது. 2025 தீபாவளிக்குக் கொடுப்பது 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான வருடத்துக்கானது. இந்தச் செப்டம்பர் விற்பனை 2026 தீபாவளிக் கணக்கில்தான் சேரும். இதை ஊழியர்களுக்குப் போகும் செய்தியில் ஒரே வரியில் எழுதிவிடலாம்: 'இந்தத் தீபாவளி போனஸ் மார்ச்சில் முடிந்த வருடத்துக் கணக்குப்படி, ஏற்கெனவே அறிவித்தபடி வழங்கப்படும். இந்தக் காலாண்டு அதில் சேராது.'

பதிவுக்கு முன்னால் தொழிற்சாலையில் நேரிலும் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் காலையில் பத்து நிமிடம் நிறுத்தி, செம்புக் கம்பி கிலோவுக்கு எவ்வளவு ஏறியது, ஒரு மோட்டாருக்கு எவ்வளவு கம்பி போகிறது, அதனால் ஒரு கிரைண்டருக்குச் செலவு எவ்வளவு கூடியது என்று காட்டட்டும். வைண்டிங் செய்பவருக்கு அது ஒரு நொடியில் புரியும், உங்களைவிட நன்றாகவே புரியும். கம்பி வீணாவதை எங்கே குறைக்கலாம் என்ற பேச்சும் அங்கேயே தொடங்கிவிடும்.

யாருக்கு முதலில் அனுப்புவது? எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போட்டுவிடலாமா?

பட்டியலிடப்படாத நிறுவனம் என்றால் முதலீட்டாளர்களுக்கு மின்னஞ்சல், பிறகு ஊழியர்களுக்கு நேரில், அதன் பிறகு பொதுவெளி. எல்லாம் ஒரே நாளுக்குள் முடியட்டும். தான் முதல் போட்ட நிறுவனத்தின் லாபம் குறைந்ததை லிங்க்டினில் பார்த்துத் தெரிந்துகொள்வது யாருக்கும் பிடிக்காது. முதலீட்டு ஒப்பந்தத்தில் எந்தத் தகவலை யாருக்குச் சொல்லலாம் என்று ஒரு பிரிவு இருக்கும், அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் கதையே வேறு. வெளியிடப்படாத நிதி முடிவு, விலையைப் பாதிக்கக்கூடிய ரகசியத் தகவல் என்று செபியின் 2015ஆம் ஆண்டு உட்தகவல் வணிகத் தடை விதிமுறைகள் சொல்கின்றன. அது முதலில் பங்குச் சந்தைக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன் ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் 'இந்த முறை அருமை' என்று ஒரு வரி போட்டாலும் சிக்கல். முடிவு வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை, தகவல் தெரிந்த உள்ளாட்கள் நிறுவனப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. அதனால் பதிவு முன்கூட்டியே தயாராக இருந்தாலும், சந்தைக்குத் தெரிவித்த பிறகே போட வேண்டும், அங்கே கொடுத்த எண்ணிலிருந்து ஒரு புள்ளிகூட மாறக் கூடாது.

பதிவின் கடைசியில் 'புதிய முதலீட்டாளர்களை வரவேற்கிறோம்' என்று போடலாமா?

போடாதீர்கள். தனியார் நிறுவனம் தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் பங்கு ஒதுக்கிப் பணம் திரட்டும்போது, அதைப் பற்றிப் பொதுமக்களுக்கு விளம்பரமோ ஊடகம் வழியான அறிவிப்போ செய்யக் கூடாது என்று 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 42ஆவது பிரிவு தடுக்கிறது. காலாண்டு எண்ணுக்குக் கீழே அந்த ஒரு வரி வந்தால் மொத்தப் பதிவும் பங்கு விற்பனை விளம்பரம் போல ஆகிவிடும். பணம் திரட்டும் பேச்சு நடந்துகொண்டிருந்தால், பதிவைப் போடுவதற்கு முன் நிறுவனச் செயலாளரிடமோ ஆடிட்டரிடமோ காட்டிவிடுங்கள்.

அடுத்த காலாண்டு குறையும் என்று நாமே ஏன் சொல்ல வேண்டும்? குறைந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாமே.

குறையப்போவது உங்களுக்கு இப்போதே தெரியும். ₹30 லட்சம் முன்னால் வந்துவிட்டது, அக்டோபர் முதல் பதினொரு நாளின் கணக்கும் கையில் இருக்கிறது. தெரிந்ததைச் சொல்லாமல் விட்டால் ஜனவரியில் அது சாக்குப் போலக் கேட்கும். அக்டோபரில் சொன்ன அதே காரணம் விளக்கமாக இருக்கும், ஜனவரியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

எண்ணாகச் சொல்ல வேண்டியதில்லை. 'இவ்வளவு கோடி வரும்' என்று கணித்து எழுதினால் அது வாக்குறுதியாகிவிடும். திசையையும் காரணத்தையும் சொன்னால் போதும். ஜனவரியில் அக்டோபர்–டிசம்பர் கணக்கோடு, ஜூலை முதல் டிசம்பர் வரையிலான ஆறு மாதத்தையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு தீபாவளியும் முழுதாக அதற்குள் அடங்கிவிடுவதால் தேதி நகர்ந்த சிக்கல் அதில் இருக்காது. பண்டிகைத் தொழிலுக்கு வருடத்தில் மிக நம்பகமான ஒப்பீடு அதுதான்.

எந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும்?

'வரலாறு காணாத', 'அபார', 'பாய்ச்சல்', 'மைல்கல்' எல்லாவற்றையும். இவை இருந்தால் எண்ணைப் பார்க்காமலே படிப்பவர் தள்ளிவிடுவார். ஆனால் நான் அதிகம் கவனிப்பது மழுப்பும் சொற்களை. 'லாபம் சற்று மிதமாக இருந்தது', 'சவாலான சூழலிலும் நிலைத்து நின்றோம்' என்பவற்றில் கூடியதா குறைந்ததா என்றே தெரியவில்லை. 12.5% குறைந்ததைக் 'குறைந்தது' என்றே எழுதுங்கள். அடக்கம் என்ற பெயரில் நல்லதையும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. 6.7% உண்மையான வளர்ச்சி, அதற்கு வருத்தம் தெரிவிக்கும் தொனி வேண்டாம்.

படத்தில் ஒரு பட்டை வரைபடம் போடலாம் என்கிறார் டிசைனர்.

போடட்டும், பட்டைகள் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால். ₹3 கோடியில் அடியை வெட்டிவிட்டு வரைந்தால் 3.60இன் உயரம் 0.60, 4.14இன் உயரம் 1.14. பார்ப்பவர் கண்ணுக்கு விற்பனை ஏறக்குறைய இரண்டு மடங்கானது போலத் தெரியும். எழுத்தில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் படம்தான் மனதில் நிற்கும். விற்பனைக்குப் பட்டை போட்டால் லாபத்துக்கும் அதே அளவுப் படம் ஒன்று தனியாகப் போட வேண்டும். இடம் இல்லை என்றால் படமே வேண்டாம், எழுத்து மட்டும் போதும்.

போட்டுவிட்ட பிறகு ஆடிட்டர் எண்ணை மாற்றினால்?

காலாண்டு எண் தணிக்கைக்கு முன் வருவதால் இது நடக்கும். திரும்பி வந்த சரக்கு ஒன்று விட்டுப்போயிருக்கும், ஏதோ ஒரு செலவு தவறான மாதத்தில் ஏறியிருக்கும். பழைய பதிவை அழிக்க வேண்டாம், சத்தமில்லாமல் எண்ணைத் திருத்தவும் வேண்டாம். பதிவின் மேலேயே தேதி போட்டு எழுதுங்கள்: 'நவம்பர் 12 திருத்தம்: விற்பனை ₹4.14 கோடி என்று எழுதியிருந்தோம். திரும்பி வந்த சரக்கைக் கழித்ததில் ₹4.09 கோடி.' முதலீட்டாளர்களுக்கு அதே வரியைத் தனியாக மின்னஞ்சலில் அனுப்புங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிடும்போது திருத்திய 4.09ஐத்தான் எடுக்க வேண்டும். பழைய பதிவிலிருந்து 4.14ஐ நகலெடுத்துப் போட்டுவிடும் ஆபத்து இருப்பதால், காலாண்டு எண்களுக்கென்று ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவும் அதிலிருந்தே எழுதப்படட்டும். அந்தத் தாளில் ஒவ்வொரு ஆண்டின் தீபாவளித் தேதிக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். 2026இல் தீபாவளி நவம்பர் 8. அப்போது செப்டம்பர் சரக்கு அக்டோபருக்குத் தள்ளிப்போகும், ஜூலை–செப்டம்பர் விற்பனை உள்ளதைவிட மோசமாகத் தெரியும், அதே கணக்கை எதிர்த்திசையில் போட வேண்டியிருக்கும்.